தீபாவளிக்கு முன் புதுக் கிளை: டர்பனில் ஜவுளிக்கடைத் திறப்பு அறிவிப்பை எழுதும் முறை

ஜவுளிக்கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலாளி சீக்கிரமே ஒப்படைக்கும் வேலை ஒன்று உண்டு. "புதுக் கிளை திறக்கிறோம், ஒரு போஸ்ட் போட்டுவிடு தம்பி" என்பார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை போலத் தெரியும். குத்துவிளக்குப் படம் ஒன்று, "மாபெரும் திறப்பு விழா" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி, கீழே "சேலைகள் 299 ராண்ட் முதல்", அதற்கும் கீழே முகவரி. அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் போட்டேன். அந்த 299 ராண்ட் சேலை எங்களிடம் இருந்தது மொத்தம் 22. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தோம், எட்டே முக்காலுக்குள் 22-ம் போய்விட்டது. பத்து மணிக்கு ஒரு ஆயா வந்தார். டோங்காட்டிலிருந்து டாக்ஸி பிடித்து டர்பன் நகரத்துக்கு வந்து, அங்கே இன்னொரு டாக்ஸி மாறி சாட்ஸ்வொர்த் வந்திருக்கிறார். பேத்தியின் போனை வாங்கிவந்து, அதில் நான் போட்ட படத்தைக் காட்டி, "இந்தச் சேலைதான் தம்பி, இந்தக் கரும்பச்சைதான் வேணும்" என்றார். கரும்பச்சையில் இருந்ததே இரண்டு. 450 ராண்ட் சேலை ஒன்றை 299-க்கே கொடுத்து அனுப்பினோம். ஆனால் அவர் கேட்டு வந்த சேலை அது இல்லை, முகத்தில் தெரிந்தது. அன்று மதியத்துக்குள் இதே மாதிரி இருபது முப்பது பேர் வந்து போனார்கள்.

அதற்குப் பிறகு என் வழக்கம் மாறிவிட்டது. அறிவிப்பின் வாசகத்தைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலில் நாள், அப்புறம் சரக்கு, அப்புறம் தையல். இந்த மூன்றும் தாளில் எழுதி முடிந்த பிறகு வாசகம் தானாக வந்துவிடும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன். உதாரணத்துக்கு 2025-ஆம் ஆண்டுத் தீபாவளியை எடுத்துக்கொள்வோம். டர்பன் நகரத்தில் பழைய கடை, சாட்ஸ்வொர்த்தில் புதுக் கிளை என்று வைத்துக்கொள்வோம்.

நாள் பார்ப்பது

தீபாவளி 2025-இல் அக்டோபர் 20, திங்கட்கிழமை. புதியவர்கள் அதிலிருந்து ஒரு வாரம் பின்னால் எண்ணி, "அக்டோபர் 11 சனிக்கிழமை திறக்கலாம், கூட்டம் அள்ளும்" என்பார்கள். அள்ளாது. இந்த நாட்டில் பெரும்பாலானோருக்குச் சம்பளம் 25-ஆம் தேதியிலோ மாதக் கடைசியிலோ வருகிறது. அப்படிப் பார்த்தால் அந்தத் தீபாவளிக்கு முன் வந்த கடைசிச் சம்பளம் செப்டம்பர்ச் சம்பளம்தான். அக்டோபர் 11-க்குள் வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் போய்விட்டிருக்கும். வந்து பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், "அடுத்த மாசம் வரேன்" என்பார்கள். அடுத்த மாதம் தீபாவளி முடிந்திருக்கும்.

இன்னும் பின்னால் போகலாம் என்றால் மகாளய பட்சம் குறுக்கே வருகிறது. அந்த வருடம் செப்டம்பர் 8 முதல் 21 வரை. முன்னோருக்குத் திதி கொடுக்கும் அந்த நாட்களில் புதுத்துணி எடுக்காத குடும்பங்கள் இங்கே நிறைய. அது முடிந்து நவராத்திரி தொடங்குகிறது. செப்டம்பர் 24 புதன்கிழமை பாரம்பரிய தினம், பொது விடுமுறை. 25 வியாழன், சம்பள நாள். ஆகவே 27 சனிக்கிழமைதான் சரியான நாள். சம்பளமும் வந்திருக்கும், நவராத்திரியும் நடக்கும், தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்.

ஆனால் அது புரட்டாசிச் சனிக்கிழமை. நம் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் புரட்டாசியை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மாதம் முழுக்க வீட்டில் கறி மீன் கிடையாது, சனிக்கிழமை விரதம், கோவில், வீட்டில் பூஜை. அதனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். திறப்பு நேரம் ஒன்று, வருபவர்களுக்குக் கொடுக்கும் பலகாரம் இன்னொன்று.

சனிக்கிழமை ராகுகாலம் காலை 9 முதல் 10.30 வரை. "காலை 9.30-க்குத் திறப்பு" என்று ஒரு கடை போட்டால், பெரியவர்கள் போன் செய்து கேட்பார்கள், அல்லது கேட்காமலேயே வராமல் இருந்துவிடுவார்கள். ஏழு மணிக்குப் பூஜை, எட்டு மணிக்குக் கதவு என்று வைத்தால் ஒன்பதுக்குள் முதல் பில் போட்டுவிடலாம். கோவிலுக்குப் போகிறவர்கள் போய்விட்டுப் பதினொன்றுக்கு மேல் நிதானமாக வருவார்கள். அந்த இரண்டாம் கூட்டம்தான் பெரியது. அதற்கும் சரக்கு வேண்டும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகாரத்துக்கு முட்டையில்லாத கேக்கும் வடையும் போதும். ரிப்பன் வெட்டியவுடன் வெட்டும் கேக்கில் முட்டை இருந்தால் விரதக்காரர்கள் தட்டைத் திருப்பி வைத்துவிடுவார்கள். "முட்டை சேர்க்காத சைவப் பலகாரம்" என்று அறிவிப்பிலேயே ஒரு சின்ன வரி போட்டுவிடுங்கள். சாட்ஸ்வொர்த்தில் கிறிஸ்தவத் தமிழர்களும் நிறையப் பேர். அவர்களும் நம் வாடிக்கையாளர்கள்தான். பூஜை நேரத்தையும் கடைத் திறப்பு நேரத்தையும் தனித்தனியாகப் போட்டால், எதற்கு வருவது என்று அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

இந்தக் கணக்கு வருடா வருடம் மாறும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அக்டோபர்ச் சம்பளமும் வந்துவிடும் என்று அக்டோபர் 31 சனிக்கிழமையைப் பிடிக்கத் தோன்றும். சம்பளக் கணக்கில் சரி, தையல் கணக்கில் தவறு. ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சரக்கை எண்ணுவது

அறிவிப்பில் ஒரு விலை போட்டால், அந்த விலைக்கு எத்தனை உருப்படி இருக்கிறது என்பதும் அதே அறிவிப்பில் இருக்க வேண்டும். இது நல்ல பழக்கம் மட்டுமல்ல, சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 30-ஆம் பிரிவு, இல்லாத சரக்கைக் காட்டி ஆளை இழுப்பதைத் தடுக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று விளம்பரத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், சொன்ன அளவுக்குக் கொடுத்தால் போதும். சொல்லாமல் விட்டால், ஆயாவுக்கு நான் சொன்ன பதிலைத்தான் நீங்களும் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

திறப்புச் சலுகைக்கு 499 ராண்டில் 60 சேலை ஒதுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறுபதையும் மேசையில் பரப்பி நிற வாரியாகப் பிரியுங்கள். அரக்கு 14, கரும்பச்சை 12, மாம்பழ மஞ்சள் 10, மயில்கழுத்து 8, மீதி கலவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். படத்தில் காட்டப்போகும் நிறம் எது? அதிகமாக இருப்பதைக் காட்டுங்கள். எட்டே எட்டு இருக்கும் மயில்கழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை முகப்பில் போடக் கூடாது. படத்தைப் பார்த்தவர் அந்த நிறத்தைத்தான் கேட்பார்.

இரண்டாம் கூட்டத்துக்கு 60-இல் 25-ஐத் தனியாக எடுத்து வைத்துவிடுவது என் பழக்கம். எட்டு மணிக்கு 35, பதினொரு மணிக்கு 25. அறிவிப்பிலும் அப்படியே எழுதிவிடுவேன். ஒருவருக்கு ஒன்று. இதை எழுதாவிட்டால் முதலில் வரும் நான்கு பேர் ஆளுக்குப் பத்து எடுத்துப் போய்விடுவார்கள். அதில் மறுவிற்பனைக்காரர்களும் இருப்பார்கள்.

விலையைப் பற்றி இன்னும் ஒன்று. போடும் விலை 15 சதவீத வாட் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அறிவிப்பில் 499, சேலையில் தொங்கும் சீட்டில் 549 என்று இருந்தால், குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். இது அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பழைய கடையிலிருந்து வண்டியில் சரக்கு மாற்றும்போது பழைய சீட்டு அப்படியே வந்துவிடும், இந்தத் தவறு அங்கேதான் நடக்கிறது. அறுபது சேலையின் சீட்டையும் முந்தின நாளே ஒவ்வொன்றாகப் பாருங்கள். "650-லிருந்து 499" என்று எழுதுவதானால், அதே சேலையை உண்மையிலேயே 650-க்கு விற்றிருக்க வேண்டும்.

துணியின் பெயரையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். 499 ராண்டுக்குத் தூய பட்டு வராது. "பட்டுச்சேலை" என்று போட்டுவிட்டுப் பாலியஸ்டர் கலந்ததைக் கொடுத்தால் நம் அம்மாக்கள் வீட்டுக்குப் போய் ஒரு இழையை எரித்துப் பார்ப்பார்கள். தூய பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். "ஆர்ட் சில்க்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதை விரும்பி எடுப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், துவைக்கச் சுலபம்.

தையல் கணக்கு

இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. சேலை வாங்குபவர் சேலையை மட்டும் வாங்குவதில்லை. அதற்கு ஃபால்ஸ் அடிக்க வேண்டும், ஓரத்துக்குப் பீகோ போட வேண்டும், ரவிக்கை தைக்க வேண்டும். தீபாவளிக்குள் ரவிக்கை கிடைக்காது என்று தெரிந்தால் சேலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கையிலிருந்து கீழே வைத்துவிடுவார். சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலேயே தைக்கும் ஆன்ட்டிமார்தான் நமக்குத் தெய்வம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே அவர்கள் "இனி துணி எடுக்கலை" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். 2026-இல் அக்டோபர் 31 வேண்டாம் என்றது இதற்குத்தான். அன்று திறந்தால் மிச்சம் எட்டே நாள். அதைவிட அக்டோபர் 24 சனிக்கிழமை பரவாயில்லை. 25 ஞாயிறு என்பதால் பல இடங்களில் 23 வெள்ளியே சம்பளம் வந்துவிடும், புரட்டாசியும் முடிந்திருக்கும். அப்போதும் தையலை முன்கூட்டியே பேசி வைத்தால்தான் நடக்கும்.

சரி, 2025 கணக்குக்கு வருவோம். மூன்று ஆன்ட்டிமாரிடம் பேசியிருக்கிறோம். லைனிங் வைத்த ரவிக்கை ஒருவர் ஒரு நாளைக்கு நான்கு தைப்பார். செப்டம்பர் 29 திங்கள் முதல் அக்டோபர் 15 வரை, ஞாயிறு நீங்கலாக 15 நாள். மூன்று பேர், நான்கு ரவிக்கை, பதினைந்து நாள் என்று பெருக்கினால் 180 வருகிறது. இந்த 180-ஐ நம்பி அறிவிப்பு போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அவர்களுக்குச் சொந்த வாடிக்கையாளர்கள் உண்டு, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தைக்க உட்கார மாட்டார்கள், மின்சாரம் போகலாம், கொக்கி மாற்றிக் கட்டச் சொல்லி வாடிக்கையாளர் திரும்ப வருவார். பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன், அதாவது 90. அறிவிப்பில், "தீபாவளிக்கு முன் ரவிக்கை தேவையா? முதல் 90 ரவிக்கை மட்டும். அக்டோபர் 8-க்குள் அளவு கொடுங்கள், 16-ஆம் தேதி கையில் தருகிறோம்" என்று வரும். தையல் முடியும் 15-க்கும் கையில் தரும் 16-க்கும் ஒரு நாள் வித்தியாசம் இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு நாள் கொக்கிக்கும் பட்டனுக்கும்.

அதோடு 34 முதல் 44 அளவு வரை ஆயத்த ரவிக்கை அடுக்கி வையுங்கள். தங்க நிறமும் கறுப்பும் எந்தச் சேலைக்கும் போகும். தொண்ணூறு முடிந்த பிறகு வருபவரை அதுதான் காப்பாற்றும். "பஞ்சாபி" எடுக்க வரும் இளம்பெண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. (சல்வார் உடையை இந்த ஊரில் நாம் பஞ்சாபி என்றுதான் சொல்கிறோம். புதிதாக வந்தவர்கள் குழம்ப வேண்டாம்.) அதனால் திறப்பு நாளில் பஞ்சாபி அடுக்கை வாசல் பக்கம் வைத்து, சேலையையும் அளவெடுக்கும் மேசையையும் உள்ளே தள்ளி வைத்தால் நெரிசல் பிரியும்.

தேதி விஷயத்தில் இன்னொன்று. நாம் தமிழரும் தெலுங்கரும் தீபாவளி என்கிறோம், இந்தி, குஜராத்திக் குடும்பங்கள் திவாளி என்கின்றன. சில வருடங்களில் நாளும் ஒன்று தள்ளிப்போகும். 2024-இல் அக்டோபர் 31-ஆ நவம்பர் 1-ஆ என்று எவ்வளவு பேச்சு நடந்தது. அறிவிப்பில் இரண்டு பெயரையும் போடுங்கள். ரவிக்கை கொடுக்கும் நாளை முந்திய தேதியை வைத்தே கணக்கிடுங்கள்.

படம்

கடைக்குள் எரியும் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் மயில்கழுத்து வெறும் நீலமாகத் தெரியும், மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். சேலையை வாசலுக்கு எடுத்துப் போங்கள். காலை ஒன்பது மணிக்கு நேர் வெயில் படாத நிழலில், ஒருவர் முந்தியைக் கையில் விரித்துப் பிடிக்க, ஒரு படம். கரையும் உடலும் சேரும் இடத்தைக் கிட்டத்தில் இன்னொரு படம். போனில் நிறம் கூட்டும் வசதி எதையும் தொடாதீர்கள். படத்தையும் சேலையையும் பக்கத்தில் வைத்து, கடையில் வேலை செய்யும் வேறொருவரிடம் "ஒண்ணா இருக்கா?" என்று கேளுங்கள். சரக்கு அனுப்பியவரின் கேட்டலாக் படத்தைப் போடுவது சுலபம்தான். ஆனால் அதில் மாடல் கட்டியிருக்கும் ரவிக்கைத் துணி நம் சேலையோடு வராது, வாங்கியவர் அதைக் கேட்டு வருவார்.

வாசகம்

இப்போது தாளில் எல்லாம் இருக்கிறது. வாசகம் இப்படி அமையும்:

"சாட்ஸ்வொர்த்தில் எங்கள் புதுக் கிளை. செப்டம்பர் 27, சனிக்கிழமை. பூஜை காலை 7 மணி, கடை திறப்பு 8 மணி. திறப்புச் சலுகை: கரை வைத்த ஆர்ட் சில்க் சேலை 499 ராண்ட், வாட் உட்பட. மொத்தம் 60 சேலை. காலை 8 மணிக்கு 35, 11 மணிக்கு 25. ஒருவருக்கு ஒன்று. தீபாவளிக்கு முன் ரவிக்கை: முதல் 90 மட்டும், அளவு கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் 8. லே-பை உண்டு. முட்டை சேர்க்காத சைவப் பலகாரம். கார் நிறுத்த இடம் கடைக்குப் பின்னால், நுழைவு பக்கத்துத் தெருவில்."

இதில் "மாபெரும்" இல்லை, "நம்பமுடியாத" இல்லை. ஆனால் ஆயா டோங்காட்டிலிருந்து கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய எல்லாம் இருக்கிறது. முகவரி எழுதும்போது தெருப் பெயரோடு அந்தப் பகுதியின் யூனிட் எண்ணையும் போடுங்கள். சாட்ஸ்வொர்த்துக்காரர்கள் யூனிட் சொன்னால்தான் இடத்தைப் பிடிப்பார்கள். டாக்ஸியில் வருபவருக்கு எங்கே இறங்குவது என்று ஒரு வரி. இந்த வரியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள், கார் வைத்திருப்பவர்தான் அறிவிப்பை எழுதுகிறார் என்பதால்.

லே-பை என்ற சொல்லைப் போடுவதற்கு முன் யோசியுங்கள். மாதா மாதம் கொஞ்சம் கட்டி எடுக்கும் வழக்கம் இங்கே ஆழமாக இருக்கிறது, கல்யாணச் சேலைக்கு ரொம்ப உதவும். ஆனால் சட்டத்தின் 62-ஆம் பிரிவுப்படி, பணம் கட்டி முடித்தவருக்குக் கொடுக்க அந்தச் சேலை நம்மிடம் இல்லையென்றால், அதற்குச் சமமானதோ மேலானதோ ஒன்றைக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் பணம்தான் வேண்டும் என்றால், நம் கையை மீறிய காரணம் இல்லாதபோது கட்டியதைப் போல இரண்டு மடங்கு திருப்ப வேண்டும். திறப்பு நாள் நெரிசலில் லே-பை சேலையை யாரோ அடுக்கில் திரும்ப வைத்து விற்றுவிடுவது சாதாரணமாக நடக்கும். பூட்டும் அலமாரி ஒன்றை அதற்கென்று ஒதுக்கிய பிறகே அந்தச் சொல்லை எழுதுங்கள். சலுகை விலைச் சேலைக்கு லே-பை கிடையாது என்றால் அதையும் எழுதுங்கள்.

அதிர்ஷ்டக் குலுக்கல் வைக்கலாமா என்று கேட்பார்கள். முதல் திறப்புக்கு வேண்டாம் என்பேன். அதற்குத் தனி விதிகள் எழுதி வைக்க வேண்டும், பதிவுகள் காக்க வேண்டும். அந்த நேரத்தை ரவிக்கைக் கணக்கில் செலவிடுங்கள்.

தமிழ் வரி

1860-இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் வந்த காலம் தொட்டு இங்கே இருக்கும் குடும்பங்களில், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் இன்று குறைவு. அறிவிப்பின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில்தான் போட வேண்டியிருக்கும், மேலே கொடுத்த வாசகத்தையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் மேலே ஒரு தமிழ் வரி இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்கூட அந்த எழுத்தைக் கோவில் சுவரில் பார்த்து வளர்ந்திருக்கிறார், பார்த்தவுடன் நம்முடையது என்று தெரிந்துகொள்வார்.

அந்த ஒரு வரியைப் பிழையில்லாமல் போட வேண்டும். டிசைன் செய்பவருக்குத் தமிழ் தெரியாது, அவருடைய மென்பொருளில் தமிழ் சரியாக அமையாமல் போகலாம். ஒருமுறை எங்கள் பேனரில் "பொங்கல்" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. பேனர் வந்து இறங்கிய பிறகு கோவில் ஐயர்தான் பார்த்துச் சொன்னார். வழி சுலபம். தமிழ் வரியைப் போனிலேயே தட்டச்சு செய்து, பெரிதாக்கிப் படமாக எடுத்து அனுப்புங்கள். அவர் அமைத்ததும் இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கொ, கோ, கை போன்ற இடங்களையும் புள்ளிகளையும் முதலில் பாருங்கள், உடைவது அங்கேதான். அச்சுக்குக் கொடுக்கும் முன் தமிழ் படிக்கும் ஒருவர் கண்ணில் காட்டுங்கள்.

யாருக்கு, எப்போது

மூன்று தடவை போதும். செப்டம்பர் 6 வாக்கில் நாளும் இடமும் மட்டும். பதினேழாம் தேதி வாக்கில் முழு வாசகம். 26-ஆம் தேதி மாலை நேரம், இடம், 60 என்ற எண், அவ்வளவுதான். கடைப் பக்கத்தில் போடுவது வேறு, ஆட்களின் வாட்ஸப்புக்கு நேரே அனுப்புவது வேறு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, நம்மிடம் துணி எடுத்து எண் கொடுத்தவருக்கு அனுப்பலாம், ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் வழி கொடுக்க வேண்டும். கோவில் குழுவின் பட்டியலை யாரோ கொடுத்தார் என்று எடுத்து அனுப்பக் கூடாது. அதற்குப் பதில் கோவில் நிர்வாகியிடம் கேட்டு, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அந்தப் பலகையைப் பார்க்காதவர் இல்லை.

அன்று காலை

1 முதல் 35 வரை எண் போட்ட சீட்டுகளை ஏழரை மணிக்கே வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுங்கள். 36-ஆவது ஆளிடம் அப்போதே, "பதினொரு மணிக்கு 25 இருக்கு ஆன்ட்டி, இந்தாங்க அதுக்குச் சீட்டு" என்று சொல்லிவிடலாம். அவர் ஒரு மணி நேரம் நின்று ஏமாற மாட்டார். கார்டு மெஷின் ஒன்றுக்கு இரண்டு வையுங்கள், இரண்டும் வேறு வேறு சிம்மில் ஓடட்டும். மின்சாரம் போனால் பக்கத்து டவரும் சில நேரம் படுத்துவிடும். கல்லாவில் சில்லறையாகப் பத்து, இருபது ராண்ட் தாள்கள் இருக்கட்டும். ஒரு ராண்ட் நாணயமும் வேண்டும், விலை 499 ஆயிற்றே.

அறுபதும் தீர்ந்த நிமிடமே அறிவிப்பைத் திருத்துங்கள். "499 சேலை தீர்ந்தது, நன்றி. ரவிக்கைக்கு இன்னும் 61 இடம் இருக்கிறது" என்று நேரத்தோடு போடுங்கள். வீட்டிலிருந்து கிளம்பப்போகும் ஒருவர் அதைப் பார்ப்பார். இந்த வேலைக்கென்றே ஒருவரை நியமியுங்கள், அவர் பில் போடக் கூடாது. மாலை கடை சாத்தியதும் ரவிக்கைப் புத்தகத்தை எண்ணி, ஆன்ட்டிமார் மூவருக்கும் பிரித்து, திங்கட்கிழமை காலை யார் வீட்டுக்கு எத்தனை துணி போக வேண்டும் என்று பைகளில் பெயர் எழுதி வையுங்கள். 90 நிரம்பும் நாளில், அது அக்டோபர் 8-க்கு முன்பே வந்தாலும், ரவிக்கை வரியை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.